வியர்வையும் வாசனையும்: திருகோணமலை வெயிலில் உடற்பயிற்சிக்குப் போகும்போது சென்ட் பூசுவது எப்படி

ஆடி மாதம், மாலை ஐந்தரை மணி. நகருக்குள் நான் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வெளியே கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை. அரை மணி நேரம் எடை தூக்கி நனைந்துபோயிருந்த தம்பி ஒருவர் பையைத் திறந்து, வனிலா மணக்கும் சென்ட் போத்தலை எடுத்தார். கழுத்தில் இரண்டு தடவையும் சேட்டுக்கு மேலே ஒரு தடவையும் அடித்தார். ஒரு நிமிடத்துக்குள் பக்கத்து ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்த அக்கா இறங்கி, துண்டால் மூக்கைப் பொத்தியபடி வாசலுக்குப் போய்விட்டார். அவருக்குத் தொய்வு இருப்பது அங்கே பலருக்குத் தெரியும். அந்தத் தம்பிக்குத் தெரியாது.

"வியர்வை மணம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்றுதான் அண்ணா அடித்தேன்" என்றார் அவர். அவர் எண்ணியது நல்லதுதான், செய்த முறைதான் பிழை. அன்று அவரோடு பேசியதையும், பிறகு நானே செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உடற்பயிற்சிக்கு முன் பூசும் சென்ட் மிகக் கொஞ்சமாக, கழுவிய தோலில், அரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பயிற்சியின் நடுவில் பூசவே கூடாது. சென்ட்டை ஆசைதீரப் பூசிக்கொள்ளும் நேரம் குளித்த பிறகுதான்.

முதலில்: உங்கள் சென்ட் என்ன ஆகிறது என்று பாருங்கள்

ஒரு சென்ட்டுக்குள் எளிதில் ஆவியாகும் பொருட்களும், மெதுவாக ஆவியாகும் பொருட்களும் கலந்திருக்கும். அடித்தவுடன் வரும் எலுமிச்சை, தோடம்பழ வாசனைகள்தான் மேல் வாசனை, அவை முதலில் பறந்துவிடும். பூ வாசனைகளும் லவெண்டர் போன்றவையும் நடு வாசனையாக நிற்கும். சந்தனம், கஸ்தூரி, வனிலா, அகில் ஆகியவை கடைசிவரை தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த மாற்றம் மணிக்கணக்கில் மெல்ல நடக்கும். உடற்பயிற்சியின்போது அதே மாற்றம் விரைந்து முடிந்துவிடுகிறது.

இதை நான் டச்சுக்குடாக் கடற்கரையில் சோதித்துப் பார்த்தேன். எலுமிச்சையில் தொடங்கி லவெண்டர் வழியாகக் கஸ்தூரியில் முடியும் மெல்லிய சென்ட் ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் மாலை, குளித்துத் துடைத்த இடது முன்கையின் உட்புறத்தில் ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தேன். எலுமிச்சை வாசனை நாற்பது நிமிடம்வரை மெல்லத் தெரிந்தது. மறுநாள் அதே நேரம், அதே இடத்தில், அதே அளவு அடித்தேன். ஒரு பருத்தித் துண்டிலும் ஒரு தடவை அடித்து, அதைச் சேட்டின் நுனியில் ஊசியால் குத்திக்கொண்டேன். கடற்கரையிலிருந்து பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் மேயும் மரநிழல் வழியாகக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் வேகமாக நடந்தேன்.

பத்தாவது நிமிடம், கோட்டைக்குள் நுழைந்த பிறகு, கையை மூக்கருகே கொண்டுவந்தேன். எலுமிச்சை கிட்டத்தட்ட இல்லை. லவெண்டர் மட்டும் முன்னைவிடப் பலமாக எழுந்தது. இருபத்தைந்தாவது நிமிடம், ஏற்றத்தின் உச்சியில், கையில் வியர்வை மினுங்கியது. இப்போது லவெண்டரும் மங்கி, கஸ்தூரியோடு உப்பு வாடை கலந்து, ஈரத் துணியைப் போன்ற ஒரு மணம் வந்தது. பருத்தித் துண்டை முகர்ந்தபோதோ, எலுமிச்சை இன்னும் அதிலே இருந்தது. ஒரே சென்ட், ஒரே மாலை, ஒரே நடை. மாறியது அது இருந்த இடம் மட்டும்தான்.

தோல் சூடாகிவிடுவதால்தான் இப்படி ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். ஓய்வில் இருக்கும்போது நம் தோல் 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பயிற்சியின்போது அது பெரிதாக ஏறுவதில்லை, ஏனென்றால் வியர்வை அதைக் குளிர்விக்கிறது. பெரிய வேலையைச் செய்பவை இரண்டு: காற்றும் ஈரமும். கை வீசி நடக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் தோலுக்கு மேலே இருக்கும் காற்று ஓயாமல் மாறுகிறது. சேட்டு துருத்தி போல இயங்கி, உள்ளேயிருக்கும் மணத்தைக் கழுத்து வழியாக வெளியே தள்ளுகிறது. வழியும் வியர்வை தோலில் இருந்த வாசனைப் பொருட்களை அசைத்து, ஒரு பகுதியை ஆவியாக்கி, ஒரு பகுதியைத் துணிக்குக் கொண்டுபோகிறது. முதல் கால் மணி நேரம் வாசனை ஓங்கி எழுந்து பிறகு சட்டென்று அடங்கிவிடுவது இதனால்தான்.

நம் ஊரில் இது பருவத்துக்குப் பருவம் வேறுபடும் என்பதையும் கவனியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும். வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்து, தோலில் உப்பு மட்டும் மிஞ்சும், சென்ட்டின் மேல் வாசனை பறந்துவிடும். மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது காற்றில் ஈரப்பதம் கூடி, வியர்வை உலராமல் வழியும். அப்போது சென்ட் தோலைவிட்டுச் சேட்டுக்குப் போய்ச் சேரும். ஆடியில் போதுமாக இருந்த அளவு மார்கழியில் சேட்டில் ஏறி அடுத்த நாள்வரை நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தச் சோதனையை நீங்களும் ஒரு முறை செய்யுங்கள். உங்கள் சென்ட் அரை மணி நேர வியர்வைக்குப் பிறகு எப்படி மணக்கிறது என்பதுதான் அது பயிற்சிக்கு ஏற்றதா என்பதற்கான விடை. கடையில் காகிதத் துண்டில் முகர்ந்து பார்ப்பது அதைச் சொல்லாது.

இரண்டாவது: அக்குளைத் தனியாகக் கவனியுங்கள்

உடல் முழுவதும் வரும் வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், அதற்கு மணம் மிகக் குறைவு. அக்குளில் வேறு வகைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரப்பதும் வரும்போது மணப்பதில்லை. அங்கே வாழும் பக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் உண்டாகிறது. அந்த நாற்றத்துக்குக் காரணமான பொருட்களில் ஒன்று ஏறத்தாழச் சின்னச்சீரகம் போல மணக்கும். மசாலா வாசனையுள்ள சில சென்ட்டுகள் வியர்வையோடு சேர்ந்ததும் உடல் நாற்றத்தையே பெருக்கிக் காட்டுவதற்கு இது ஒரு காரணம்.

சென்ட் அந்தப் பக்டீரியாவின் வேலையை நிறுத்துவதில்லை, அதன் மேல் இன்னொரு மணத்தைப் போர்த்துகிறது, அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் போர்வை விலகிவிடும், உள்ளே இருப்பது இருக்கும். ஆகவே பயிற்சிக்குப் போகுமுன் அக்குளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். முழுக் குளியல் தேவையில்லை, இரண்டு நிமிடம் போதும். வேலைமுடிந்து நேராகப் போகிறவர்கள் அங்கே இருக்கும் கழுவுதொட்டியிலேயே இதைச் செய்யலாம்.

வியர்வை அதிகம் வருபவர்கள் அலுமினிய உப்பு சேர்ந்த வியர்வைத் தடுப்பானைப் பயன்படுத்துவார்கள். அதைக் கிளம்பும்போது பூசுவதால் பயன் குறைவு. அந்த உப்பு வியர்வைக் குழாயின் வாயில் மெல்லிய அடைப்பை உண்டாக்கித்தான் வேலை செய்கிறது. வியர்த்துக்கொண்டிருக்கும் தோலில் அது நிற்பதற்குள் கழுவப்பட்டுவிடும். இரவில் படுக்கப் போகுமுன், உலர்ந்த தோலில் பூசினால்தான் மறுநாள் மாலைவரை உதவும். மணமில்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அதன் மணமும் சென்ட்டின் மணமும் ஒன்றோடொன்று மோதும்.

தேசிக்காயைப் பாதியாக வெட்டி அக்குளிலும் கழுத்திலும் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர் செய்வது வேறு. கடற்கரையில் ஓடப் போகிறவர் கழுத்திலும் கையிலும் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்கக்கூடாது. தேசிக்காய்ச் சாற்றில் இருக்கும் சில பொருட்கள் சூரிய ஒளி பட்டதும் தோலைச் சுட்டுவிடும். முதலில் எரிச்சலும் கொப்புளமும் வரும், பிறகு மாதக்கணக்கில் போகாத கருமை படியும். சென்ட்டுகளில் சேர்க்கும் பேர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயிலும் இதே பொருட்கள் உண்டு. பெரிய நிறுவனங்கள் அவற்றைக் குறைத்த எண்ணெயையே பயன்படுத்துகின்றன. ஆனாலும் வெயில் படும் தோலில் எந்தச் சென்ட்டையும் பூசாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது: எதைப் பூசுவது

போத்தலில் எழுதியிருக்கும் வகையைப் பாருங்கள். கொலோன் என்றால் வாசனைப் பொருள் மிகக் குறைவு, ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துக்குள். ஓ டி டாய்லெட் அதைவிடக் கூட. ஓ டி பர்ஃபம் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல். பயிற்சிக்கு முதல் இரண்டில் ஒன்றே போதும். வாசனையைப் பொறுத்தவரை எலுமிச்சை வகைகள், லவெண்டர், புதினா, வெட்டிவேர், மெல்லிய கஸ்தூரி ஆகியவை வியர்வையோடு பொருந்திப் போகின்றன. வெட்டிவேரை நான் குறிப்பாக விரும்புகிறேன். ஈரம் பட்டாலும் அதன் மணம் கெடுவதில்லை, நனைந்த மண்ணைப் போல இன்னும் நன்றாக எழும்.

வனிலாவும் கரமலும் சூட்டில் திகட்டும். கனத்த மல்லிகையும் அப்படித்தான். மல்லிகைப் பூவிலேயே இண்டோல் என்ற பொருள் இயற்கையாக உண்டு. கொஞ்சமாக இருந்தால் அது பூவுக்கு உயிர் கொடுக்கும். சூடான உடலிலிருந்து மிஞ்சி எழுந்தால் அழுகல் வாடையாக மாறும்.

அத்தர் பூசுபவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் நண்பர்கள் வெள்ளிக்கிழமைகளில் பூசும் அத்தரின் மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அத்தரில் மதுசாரம் இல்லை, எண்ணெயிலேயே இருக்கும். அதனால் அது ஓங்கி எழாமல் தோலோடு ஒட்டி மெதுவாக மணக்கும், வியர்வையிலும் எளிதில் கழுவப்படாது. அந்தக் குணமே பயிற்சிக் கூடத்தில் சிக்கலும் ஆகிறது. அகில் அத்தர் பூசிய கையோடு பெஞ்சில் படுத்தால், அடுத்து வருபவர் உங்கள் மணத்தின்மேல் படுக்கிறார். அத்தர்தான் வேண்டும் என்றால் வெட்டிவேர் அல்லது சந்தன அத்தரைப் போத்தலின் குச்சி நுனியால் ஒரு தொடுகை மட்டும், துணிக்குள் மறையும் இடத்தில் வையுங்கள்.

நான்காவது: எவ்வளவு, எங்கே, எப்போது

ஒரு தடவை. அதற்கு மேல் வேண்டாம். போத்தலை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, நெஞ்சுக்குழிக்குக் கீழே, வயிற்றின் மேற்பகுதியில் அடியுங்கள். அங்கே வியர்வை கழுத்தைவிடக் குறைவு, துணி மறைக்கும், வெயில் படாது, எந்தக் கருவியிலும் உரசாது. சேட்டின் வழியாக மேலே எழும் மணம் உங்களுக்கும் மிக அருகில் நிற்பவருக்கும் மட்டும் தெரியும்.

வழக்கமாக நாம் பூசும் கழுத்தையும் மணிக்கட்டையும் அன்று விட்டுவிடுங்கள். கழுத்தில் பூசினால் வியர்வையோடு துண்டுக்குப் போய், அந்தத் துண்டால் முகம் துடைக்கும்போது கண்ணில் எரியும். மணிக்கட்டில் பூசினால் டம்பெல்லிலும் பாரிலும் ஒட்டும். புதிதாகச் சவரம் செய்த அக்குளில் மதுசாரம் பட்டால் எரிச்சலும் தடிப்பும் வரும்.

பூசிய பிறகு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சியைத் தொடங்குங்கள். மதுசாரமும், மேல் வாசனையில் பெரும் பங்கும் வீட்டிலும் வழியிலும் பறந்துவிடும். கூடத்துக்குள் நுழையும்போது மிஞ்சியிருப்பது அமைதியான நடு வாசனை. என் நண்பர் ஒருவர் தூரத்திலிருந்து சைக்கிளில் வருவார். அவர் வீட்டில் பூசிவிட்டுக் கிளம்பினால் வந்துசேர்வதற்குள் கணக்குச் சரியாகிவிடுகிறது.

சேட்டில் அடிக்கலாமா என்று அந்தத் தம்பி கேட்டார். பருத்திச் சேட்டு என்றால் உட்புறத்தில் ஒரு தடவை அடிக்கலாம், என் சோதனையில் பார்த்ததுபோல அது நீண்ட நேரம் மாறாமல் மணக்கும். வெள்ளைத் துணியில் கறை படியக்கூடும் என்பதை மறக்காதீர்கள். பொலியெஸ்டர் விளையாட்டுச் சேட்டில் அடிக்கவே வேண்டாம். அந்த இழை எண்ணெய்த் தன்மையுள்ள பொருட்களைப் பிடித்துக்கொண்டு, கழுவினாலும் எளிதில் விடாது. பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 26 பேர் சைக்கிள் பயிற்சி செய்து வியர்த்த சேட்டுகளை எடுத்துவைத்து முகர்ந்து பார்த்தார்கள். பருத்தியைவிடப் பொலியெஸ்டரே மோசமாக நாறியது. மைக்ரொகொக்கஸ் என்ற பக்டீரியா அந்தத் துணியில் நன்றாகப் பெருகியிருந்தது. பழைய சென்ட்டும் அந்த நாற்றமும் சேர்ந்தால் துவைத்த சேட்டுகூடப் போட்ட பத்து நிமிடத்தில் மணக்கத் தொடங்கும்.

ஐந்தாவது: பயிற்சியின் நடுவில்

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இருபது நிமிடம் கழித்துத் தன் சென்ட் தனக்கே மணக்கவில்லை என்றதும், அது போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிக்கிறார்கள். அது போயிருக்காது. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகரும்போது மூக்கு அதைப் புறக்கணிக்கப் பழகிவிடுகிறது. சமையலறையில் நிற்பவருக்குக் கருவாட்டு வாடை தெரியாமல், வெளியிலிருந்து வருபவருக்குத் தெரிவதும் இதனால்தான். சந்தேகம் வந்தால் வெளியே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள், அல்லது உண்மை சொல்லும் நண்பரிடம் கேளுங்கள். கையெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு உங்கள் சென்ட் தெரிந்தால் அளவு கூடிவிட்டது.

ஈரத் தோலில் அடித்த சென்ட் சரியாக ஒட்டாது. மதுசாரம் வேகமாக ஆவியாக, மணம் முழுவதும் அறைக்குள் பாயும். அந்த அறையில் இருப்பவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வில் ஒருவர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லீற்றர் காற்றை இழுக்கிறார். கடும் பயிற்சியில் அது நூறு லீற்றர்வரை போகலாம். காற்றில் இருக்கும் எதுவும் அத்தனை மடங்கு கூடுதலாக நுரையீரலுக்குள் போகிறது. தொய்வு உள்ள அந்த அக்காவுக்கு நேர்ந்தது இதுதான். யாராவது இருமத் தொடங்கினால், நெஞ்சு இறுகுவதாகச் சொன்னால், அவரை வெளிக்காற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள், அவருடைய இன்ஹேலரை எடுத்துக்கொடுங்கள். மூச்சு சீராகாவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தாமதிக்க வேண்டாம்.

நடுவில் புத்துணர்ச்சி வேண்டும் என்றால் ஈரத் துணியால் அக்குளையும் கழுத்தையும் துடைத்து, உலர்ந்த சேட்டை மாற்றுங்கள். மூன்று தடவை சென்ட் அடிப்பதைவிட இது பலனளிக்கிறது.

ஆறாவது: முடிந்த பிறகு

பயிற்சி முடிந்தவுடன் ஓடிப்போய்க் குளித்தால், துடைத்த பிறகும் வியர்வை வந்துகொண்டே இருக்கும். உடலின் உட்சூடு இறங்கவில்லை என்று பொருள். பத்துப் பதினைந்து நிமிடம் காற்றோட்டத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். நெற்றியில் புதிதாக வியர்வை துளிர்ப்பது நின்ற பிறகு குளியுங்கள். நன்றாகத் துடைத்து, இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்து, அப்போது உங்களுக்குப் பிடித்த சென்ட்டைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் பூசிக்கொள்ளுங்கள். வனிலாவானாலும் அகிலானாலும் இனித் தடையில்லை. கச்சான் காலத்தில் தோல் வறண்டிருப்பவர்கள் மணமில்லாத கிறீமை முதலில் தடவினால் சென்ட் கூடுதல் நேரம் நிற்கும். தேங்காய் எண்ணெயும் அந்த வேலையைச் செய்யும், ஆனால் தன் மணத்தையும் சேர்த்துவிடும்.

பூசிய இடத்தில் அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் கழுவிவிட்டு அந்தச் சென்ட்டை நிறுத்துங்கள். வேர்க்குரு உள்ள தோலில் எதையும் பூசாதீர்கள்.

போத்தலும் பையும்

சென்ட் போத்தலை ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள். எலுமிச்சை வாசனைப் பொருட்கள் சூட்டிலும் காற்றிலும் விரைவாகக் கெடும். கெட்டுப்போனவை தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. சென்ட்டின் நிறம் கருத்து, முதல் மணத்தில் புளிப்போ வார்னிஷ் வாடையோ வந்தால் அதைத் தோலில் பூச வேண்டாம். அழுத்தமூட்டிய ஸ்பிரே டப்பாக்களில் 50 பாகைக்கு மேல் சூடாக்கக் கூடாது என்றே எழுதியிருப்பார்கள். வெயிலில் மூடிக்கிடக்கும் இருக்கைப் பெட்டி அந்தச் சூட்டைத் தொடக்கூடியது. ஐந்து மில்லிலீற்றர் அளவுள்ள சிறிய போத்தலில் ஊற்றி, தோளில் மாட்டும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நனைந்த சேட்டைப் பொலித்தீன் பையில் கட்டி இரவு முழுவதும் விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, தண்ணீரில் அலசிப் போடுங்கள். பழைய சென்ட் ஏறிய பொலியெஸ்டர் என்றால் ஒரு வாளித் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தை இந்தச் சேட்டுகளுக்கு ஊற்ற வேண்டாம், அது இழையின்மேல் படலமாகப் படிந்து மணத்தை உள்ளே பூட்டிவிடும்.

அந்தத் தம்பி இப்போது வெட்டிவேர் வாசமுள்ள கொலோன் ஒன்றை வீட்டிலேயே ஒரு தடவை பூசிக்கொண்டு வருகிறார். வனிலாப் போத்தல் பையில்தான் இருக்கிறது, குளித்த பிறகு வெளியே எடுக்கிறார். சென்ற வாரம் அவரும் அந்த அக்காவும் பக்கத்துப் பக்கத்து ட்ரெட்மில்லில் நாற்பது நிமிடம் நடந்தார்கள்.